மழை நாளில் ரயிலா, பஸ்ஸா? எது எங்கே நிற்கும் என்று பார்த்து முடிவெடுக்கலாம்

நகரத்தின் ஒரு மூலையில் வீடு, எதிர்மூலையில் வேலை. நடுவில் இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர். வெயில் நாளில் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. புறநகர் ரயில் வேகமானது, மலிவானது, சிக்னலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. மழை பிடித்துக்கொண்ட நாளில்தான் காலை ஆறரை மணிக்கு ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி, இன்று ரயிலா பஸ்ஸா என்று மனம் ஊசலாடுகிறது.

நானும் பல வருடம் அந்த ஜன்னலில் நின்று "எது சீக்கிரம் போய்ச் சேரும்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வேறு கேள்வி கேட்கிறேன்: இன்று வண்டி நின்றுபோனால் எங்கே நிற்கும், நின்ற இடத்திலிருந்து எனக்கு வழி இருக்குமா? ரயிலும் பஸ்ஸும் மழையில் கெடும் விதம் அடியோடு வேறு. பஸ் முதல் தூறலிலேயே மெதுவாகிவிடும், ஆனால் முழுக்க நின்றுபோவது அபூர்வம். ரயில் ஓர் அளவு வரைக்கும் மழையைக் கண்டுகொள்ளாது. அந்த அளவைத் தாண்டியதும் ஒரேயடியாக நின்றுவிடும். இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்று புரிந்தால், எந்த நாளில் எதில் ஏறலாம் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

ரயிலை நிறுத்துவது எது

தண்டவாளம் மூழ்கினால் ரயில் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தண்டவாளம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போதே ரயில்கள் நின்று நின்று போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் சிக்னல்தான் காரணம்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே குறைந்த அழுத்தத்தில் ஒரு சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். டிராக் சர்க்யூட் என்பது இதுதான். ஒரு துண்டுக்குள் ரயில் நுழைந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கே பாய்ந்து, மறுமுனையில் இருக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் விழுந்து, பின்னால் உள்ள சிக்னல் சிவப்பாகும். மழையில் தண்ணீர் தேங்கி, ஜல்லி சேறாகிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வழியாகவே மின்சாரம் கசியும். கசிவு அதிகமானால் ரயிலே இல்லாத இடத்தில் ரயில் நிற்பதாக எடுத்துக்கொண்டு சிக்னல் சிவப்பைக் காட்டும். கெட்டுப்போனால் சிவப்பில்தான் கெட வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். பச்சையில் கெட்டால் ஒரு ரயில் மேல் இன்னொரு ரயில் ஏறிவிடும் அல்லவா? ஆகவே எரிச்சலாக இருந்தாலும் அந்தச் சிவப்பு நம்மைக் காப்பாற்றுவதற்கான சிவப்பு.

ஜல்லி சுத்தமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் கீழே இறங்கிவிடும், கசிவு பெரிதாக வராது. பிளாஸ்டிக் பையும் மண்ணும் அடைத்த இடத்தில்தான் வருடா வருடம் இதே கதை நடக்கிறது. தினமும் போகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். லேசான மழைக்கே வண்டி எங்கே தயங்குகிறதோ, பெருமழையில் அங்கேதான் நிற்கும்.

தானியங்கி சிக்னல் சிவப்பில் சிக்கிக்கொண்டால் நம் நாட்டு ரயில்வே விதிப்படி டிரைவர் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் அங்கே நின்று, அப்புறம் எந்த நொடியும் நிறுத்தத் தயாராக மிக மெதுவாக வண்டியை நகர்த்தலாம். கேட்க ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 15 ரயில். கெட்டுப்போன ஓரிடத்தை நின்று ஊர்ந்து கடக்க ஒவ்வொரு வண்டிக்கும் 9 நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியாக மணிக்கு ஆறு, ஏழு ரயிலுக்கு மேல் போகவே முடியாது. மற்றவை பின்னால் வரிசையில் நிற்கும். அந்த ஆறு, ஏழு ரயிலிலும் வழக்கமான கூட்டத்தின் இரண்டு பங்குக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். ஓரிடத்தில் விழுந்த கோளாறு பாதை முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

அடுத்தது பாயிண்ட். வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம் அது. அதை நகர்த்தும் மோட்டார் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, தரையோடு தரையாக ஒரு பெட்டியில் இருக்கும். அதற்குள் தண்ணீர் புகுந்தால் பாயிண்ட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. தெரியாதவரை அந்த வழிக்குச் சிக்னல் கொடுக்க முடியாது. நிலையத்தை ஒட்டிய இப்படிப்பட்ட சிக்னல்களை ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கடக்கவும் முடியாது, நிலையத்திலிருந்து எழுத்தில் அனுமதி வர வேண்டும். பெரிய சந்திப்புகளுக்கு வெளியே வண்டி அரை மணி நேரம் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மூன்றாவதுதான் எல்லாருக்கும் தெரிந்த வெள்ளம். மின்சார ரயிலின் மோட்டார்கள் பெட்டிக்கு அடியில், சக்கரங்களை ஒட்டி இருக்கின்றன. தண்டவாளத்தின் தலைக்கு மேல் சில அங்குலம் தண்ணீர் நிற்கும்வரை ஊர்ந்து போய்விடலாம். அதற்கு மேல் போனால் மோட்டாருக்குள் தண்ணீர் போய் வண்டி வழியிலேயே செத்துவிடும். செத்த வண்டியை இழுத்துக்கொண்டு போக இன்னொரு வண்டி அதே தண்ணீருக்குள் வர வேண்டும். அதனால்தான் அந்த அளவை நெருங்கும்போதே போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போது இதைக் கண்ணாலேயே அளக்கலாம். ஸ்லீப்பர் கட்டைகள் தெரிந்தால் தண்ணீரால் உடனடி ஆபத்து இல்லை. கட்டைகள் மறைந்து இரண்டு இரும்புக் கோடுகள் மட்டும் தெரிந்தால் ரயில் ஊரும். அந்தக் கோடுகளும் மறைந்துவிட்டால் அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

தண்டவாளம் காய்ந்திருக்கும்போதே ரயிலை நிறுத்த வேறொரு காரணமும் உண்டு. பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் அபாயக் குறியைத் தொட்டால் மேலே ரயில் போகக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே உள்ள பாலத்தில் இதுதான் நடந்தது. அந்த ஒரு பாலத்தால் சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய ரயில்கள் பாதிக்கப்பட்டன. உங்கள் பாதையில் கால்வாயோ ஆறோ குறுக்கிடும் தாழ்வான பாலம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தூண்களின் மேல் ஓடும் மேம்பால ரயிலாக இருந்தால் இந்த வெள்ளக் கவலையில் பெரும்பகுதி இல்லை, மேல்நிலை மின்கம்பியில் மரக்கிளை விழுவது போன்ற கவலைகள்தான் மிச்சம்.

பஸ் மூழ்குவதற்கு முன்னால்

பஸ் எதற்காகத் தாமதிக்கிறது என்றால் தண்ணீர் என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் பஸ் உயரமான வண்டி. சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். முழங்கால் தண்ணீரில்கூட நல்ல டிரைவர் ஒரே சீராக ஓட்டிக் கடந்துவிடுவார். அதே தண்ணீரில் கார் நின்றுவிடும், ஆட்டோ நின்றுவிடும், பைக்கைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நின்றுபோன இரண்டு கார்கள் சாலையை அடைத்தால் போதும், பின்னால் வரும் பத்து பஸ்களும் நகர முடியாது. அதாவது பஸ் மூழ்குவதற்கு ரொம்ப முன்பே அதன் பாதை மூழ்கிவிடுகிறது. தாழ்தளப் பஸ் மட்டும் விதிவிலக்கு. அதன் தளம் ஏறத்தாழ 400 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது, தண்ணீர் எளிதில் உள்ளே வந்துவிடும். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அது பெரிய வசதி. ஆனால் பெருமழை நாளில் தேங்கும் சாலை வழியாகப் போகும் தாழ்தளப் பஸ்ஸை நம்பாமல் அடுத்த உயரமான பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம்.

பஸ் விஷயத்தில் நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. பயண நேரம் கூடினால் காத்திருக்கும் நேரமும் தானாகக் கூடிவிடும். ஒரு தடத்தில் 12 பஸ்கள் ஓடுகின்றன, போய் வர 120 நிமிடம் ஆகிறது என்றால் நிறுத்தத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும். மழையில் போய் வர 240 நிமிடம் ஆனால் அதே 12 பஸ்களால் 20 நிமிடத்துக்கு ஒன்றுதான் வர முடியும். நிறுத்தத்தில் கூட்டம் இரட்டிக்கும், வரும் பஸ் ஏற்கெனவே நிரம்பி வரும், சில நிற்காமலே போகும். நெரிசலில் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொள்வதால் நாற்பது நிமிடம் ஒன்றுமே வராமல், அப்புறம் மூன்று சேர்ந்து வரும். "பஸ்ஸே விடவில்லை" என்று நிறுத்தத்தில் கோபப்படுகிறோம். பெரும்பாலும் எல்லா பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, எங்கோ வரிசையில்.

பஸ்ஸை முழுக்க நிறுத்திவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை. நகரத்தில் சாலை வேண்டுமென்றே பள்ளமாகத் தோண்டப்பட்ட இடம் அது, தண்ணீர் தானாக அங்கே வந்து சேரும். மோட்டார் வைத்து இறைத்தாலும் பெருமழையில் சமாளிக்காது. அதை மூடியதும் பஸ்கள் சுற்றிப் போகும், நீங்கள் இறங்க வேண்டிய நிறுத்தமே வராமல் போகலாம். மழை நாளில் ஏறும்போது கண்டக்டரிடம் "சுரங்கப்பாதை வழியா போகுதாண்ணே, சுத்திப் போகுதா?" என்று கேட்டுவிட்டு ஏறுவது என் வழக்கம். அவருக்கு முந்தைய நடையிலேயே தெரிந்திருக்கும்.

எத்தனை மில்லிமீட்டர் என்பதை விட எத்தனை மணி நேரத்தில்

காலைச் செய்தியில் நேற்று இத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று சொல்கிறார்களே, அது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை என்கிறது, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, அதற்கும் மேல் அதிகனமழை. விடுமுறை விடலாமா என்று முடிவெடுக்க அது உதவும். ரயிலா பஸ்ஸா என்பதற்கு அது போதாது. நூறு மில்லிமீட்டர் மழை நாள் முழுக்க நிதானமாகப் பெய்தால் வடிகால் விழுங்கிக்கொள்ளும். அதே நூறு இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் எந்த நகரமும் திணறும். மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை, பிறகு வந்த திட்டம் அதை 50 ஆக்க முனைந்தது. கடலோர நகரமாக இருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கடல் ஏற்ற நேரத்தில் வடிகாலின் வாய் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும், பெய்த தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வரும் நாளில்தான் ரயில் தன் எல்லையைத் தாண்டுகிறது. ஏற்ற நேரம் முன்கூட்டியே தெரிந்த விஷயம், அன்றைய பத்திரிகையிலேயே வரும்.

இன்னொரு பிழை எல்லாரும் செய்வது: வீட்டு ஜன்னலில் தெரியும் மழையை வைத்து முடிவெடுப்பது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நகரத்தின் தென்முனையான கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெருமழை பிடித்ததும் பிற்பகலில், எல்லாரும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. லட்சக்கணக்கானவர்கள் அன்றிரவு அலுவலகத்திலும் நிலையத்திலும் நின்றுபோன வண்டியிலும் கழித்தார்கள். நகரத்தைக் குறுக்கே கடப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நம் ஜன்னலைப் பார்க்கிற அளவுக்காவது பாதையின் தாழ்வான இடத்துக்கு மேலே இருக்கும் வானத்தையும் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் ரேடார் படத்தில் அது தெரியும், மேகக் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும்.

ஒரு பாதையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

ஒரு 28 கிலோமீட்டர் பயணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ரயில் பாதையில் இருபதாவது கிலோமீட்டருக்கும் இருபத்திரண்டாவது கிலோமீட்டருக்கும் இடையே ஒரு கால்வாயை ஒட்டிய தாழ்வான பகுதி. பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு சந்திப்பு நிலையம், அதன் வாசலிலேயே பிரதான சாலையும் பஸ் நிறுத்தமும்.

சாதாரண நாளில் ரயிலில் போனால் நிலையத்துக்கு நடை 10 நிமிடம், காத்திருப்பு 5, வண்டியில் 45, இறங்கி அலுவலகம் போக 15. மொத்தம் 75 நிமிடம். பஸ்ஸில் நடை 5, காத்திருப்பு 10, பயணம் 95, மொத்தம் 110. ரயில்தான்.

விட்டுவிட்டு நாள் முழுக்கப் பெய்யும் மிதமான மழையில் ரயில் 95 நிமிடம் ஆகும் என்று வைப்போம். அதில் கூடிய 20 நிமிடத்தில் பாதி, இறங்கியபின் சாலையில் போகும் கடைசித் துண்டில் கூடுவது. நாம் ரயில் பயணம் என்று சொன்னாலும் இரண்டு முனையும் சாலைதான், அதை மறந்துவிடக் கூடாது. பஸ் அதே நாளில் 160 நிமிடம் இழுக்கும். இங்கேயும் ரயில்தான், யோசிக்க வேண்டியதே இல்லை. மழைக்காலத்தின் பெரும்பாலான நாட்கள் இந்த வகைதான். மழையைப் பார்த்ததும் பயந்து பஸ்ஸுக்கு ஓடுபவர்கள் இந்த நாட்களில்தான் தேவையில்லாமல் நேரத்தை இழக்கிறார்கள்.

மூன்றாவது வகை, மணிக்கணக்கில் கொட்டும் நாள். ரயில் ஓடினால் 120 நிமிடம், அந்தத் தாழ்வான இடத்தில் மாட்டிக்கொண்டால் 240. பஸ் 190. எத்தனை நாளுக்கு ஒரு நாள் மாட்டிக்கொள்வோம் என்பதைப் பொறுத்துத்தான் சராசரி. கணக்குப் போட்டால், இப்படிப்பட்ட பத்து நாட்களில் ஏறக்குறைய ஆறு நாள் ரயில் நின்றால்தான் பஸ்ஸும் ரயிலும் சமம். அதற்குக் குறைவாக நின்றால் சராசரியில் ரயிலே மேல். ஆனால் சராசரியை வைத்துக்கொண்டு யாரும் வாழ்வதில்லை. குழந்தையைப் பள்ளியில் கூப்பிடப் போக வேண்டியவருக்கும், சர்க்கரை நோய்க்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவருக்கும் அந்த ஒரு நான்கு மணி நேரம்தான் கணக்கு.

அவர்களுக்கு மட்டுமல்ல, அன்றைக்கு எல்லாருக்குமே நல்ல வழி மூன்றாவது ஒன்று இருக்கிறது: பாதையை வெட்டிக்கொள்வது. ரயிலில் பதினெட்டாவது கிலோமீட்டர் சந்திப்பு வரைக்கும் போய் இறங்கிவிடுங்கள். அதற்கு நடை, காத்திருப்பு எல்லாம் சேர்த்து 50 நிமிடம். வெளியே வந்து பஸ் பிடிக்க 15. மீதிப் பத்து கிலோமீட்டர் நெரிசலில் 60. மொத்தம் 125 நிமிடம். அதிர்ஷ்டமான ரயில் பயணத்தைவிட ஐந்து நிமிடம்தான் அதிகம், முழு பஸ் பயணத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு, நடுவழியில் மாட்டிக்கொள்ளும் இடத்தைத் தொடுவதே இல்லை. மாலையில் இதையே திருப்பிப் போட வேண்டும். தாழ்வான இடம் அப்போது பயணத்தின் தொடக்கத்திலேயே வருவதால், முதல் பத்து கிலோமீட்டரை பஸ்ஸில் கடந்து சந்திப்பில் ரயில் ஏறலாம்.

உங்கள் பாதையின் எண்கள் வேறாக இருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்திப்பில் இறங்கிப் பாருங்கள். எந்த வாசலில் வெளியே வந்தால் பஸ் நிறுத்தம் அருகில் இருக்கிறது, நிறுத்தத்தின் முன்னால் தண்ணீர் தேங்குமா, மூடியில்லாத மேன்ஹோல் ஏதாவது உண்டா என்பதைக் காய்ந்த தரையில்தான் பார்க்க முடியும். தண்ணீருக்குள் தேடக் கூடாது.

மாலை வேறு கணக்கு

காலையில் நாம் வீட்டில் இருக்கிறோம். நிலையம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் நஷ்டம் அரை மணி நேரம். மாலையில் தவறான முடிவெடுத்தால் நடுவழியில் இரவு. அதனால் காலையில் கொஞ்சம் துணிந்து ரயில் ஏறலாம், மாலையில் அந்தத் துணிவு வேண்டாம்.

மாலையில் பிளாட்பாரத்துக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது எதிர்ப்பக்கத்தை. நான் போக வேண்டிய திசையிலிருந்து வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றனவா? இங்கிருந்து கிளம்பும் ரயில் எல்லாம் அங்கிருந்து வந்து திரும்பும் ரயில்தான். கால் மணி நேரமாக எதிர்ப்பக்கம் எதுவும் வரவில்லை என்றால், என் பக்கத்தில் இன்னும் இரண்டு வண்டி வந்தாலும் அதற்கப்புறம் வறண்டுவிடும். அறிவிப்பு வருவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். வரும் வண்டியிலிருந்து இறங்கும் ஆட்களின் உடையைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். எதிர்த்திசையிலிருந்து இறங்குகிறவர்கள் முட்டிக்குக் கீழே நனைந்து வந்தால் அவர்கள் ஏறிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. தயங்காமல் கேளுங்கள், மழை நாளில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். நனைந்த படியும் நனைந்த கைப்பிடியும் வழுக்கும், வண்டி மெதுவாகப் போகும்போது விழுந்தாலும் சக்கரம் பக்கத்தில்தான்.

வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்

முதலில் மேலே மின்விசிறியைப் பாருங்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்தால் மின்சாரம் இருக்கிறது, நிற்பது சிக்னலுக்காக. நின்று, ஊர்ந்து, மறுபடி நின்று என்று போனால் டிராக் சர்க்யூட் கோளாறு. நேரம் ஆகும், ஆனால் போய்விடும், அமைதியாக உட்காரலாம். விசிறி நின்று, அவசர விளக்கு மட்டும் எரிந்தால் மேல்நிலை மின்கம்பியில் மின்சாரம் போயிருக்கிறது. சில நொடிகளில் திரும்பி வந்தால் பயமில்லை. மின்கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு இடைவெளிகள் வழக்கமாகவே உண்டு, அதைக் கடக்கும்போது தினமும் இப்படி அணைந்து எரியும். பத்து நிமிடம் கடந்தும் வரவில்லை என்றால் மரம் விழுந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். நீண்ட காத்திருப்புக்குத் தயாராகுங்கள். போனில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, வீட்டுக்கு ஒரே ஒரு தகவல் அனுப்பிவிட்டு மீதிச் சார்ஜைச் சேமியுங்கள்.

பக்கத்தில்தானே நிலையம், குதித்து நடந்துவிடலாம் என்று யாராவது தொடங்குவார்கள், நாலு பேர் பின்னால் போவார்கள். போகாதீர்கள். தண்ணீருக்கு அடியில் பாயிண்ட்டின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, கால் சிக்கும். பக்கத்துப் பாதையில் ரயில் வராது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. அறுந்த மேல்கம்பி 25,000 வோல்ட் மின்சாரத்துக்கானது, அது தண்ணீரில் கிடந்தால் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, ரயில்வே ஆட்களே வந்து இறக்கி அழைத்துப் போகும்வரை பெட்டிக்குள் இருப்பதுதான் பத்திரம். பஸ்ஸில் இந்தப் பிரச்சினை குறைவு. நின்றால் இறங்கலாம், கடையோர மேட்டில் நிற்கலாம். பஸ்ஸின் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன்: மெதுவாகப் போனாலும் எந்த நிமிடமும் முடிவை மாற்றிக்கொள்ள விடுகிறது.

மழை விட்டதும் ரயில் உடனே சரியாகிவிடும் என்று நம்பி ஓடுபவர்களும் ஏமாறுகிறார்கள். தண்ணீர் வடிய வேண்டும், பாயிண்ட் மோட்டார்களைத் திறந்து பார்க்க வேண்டும், பாதையில் ஆட்கள் நடந்து சோதிக்க வேண்டும். அதற்குள் வண்டிகளும் டிரைவர்களும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் பாதை முழுக்கச் சிதறியிருப்பார்கள், அவர்களை மறுபடி ஒழுங்குபடுத்தவே மணிக்கணக்காகும். முதலில் வரும் வண்டி, மூன்று மணி நேரமாகத் தேங்கிய மொத்தக் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு நிலையத்திலும் கிளம்ப முடியாமல் நிற்கும். அதைப் போக விடுங்கள். பாதை திறந்துவிட்டது என்றால் பின்னால் தேங்கி நின்ற வண்டிகளும் நெருக்கமாக வரும். இரண்டாவதில் ஏற முடியும், மூன்றாவதில் பெரும்பாலும் உட்காரவே இடம் கிடைக்கும்.